சாட்டில் வந்தது முழுப்படமா, சிறுபடமா: அறிகுறியைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

பக்க வடிவமைப்பு வேலையில் எனக்கு வரும் படங்களில் பெரும்பங்கு சாட் வழியாகத்தான் வருகிறது. திரையில் பளிச்சென்று இருக்கும் படம் பக்கத்தில் வைத்ததும் உடைந்துபோவதும், அனுப்பியவர் "என்னிடம் தெளிவாகத்தானே இருக்கிறது" என்பதும் வாரம் ஒருமுறையாவது நடக்கும். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறோம். ஆனால் இருவரும் பார்ப்பது ஒரே கோப்பு அல்ல.

ஒரு படத்தை அனுப்பும்போது சாட் செயலி அதற்குப் பல பிரதிகளை உண்டாக்குகிறது. முதலாவது, செய்தியோடு ஒட்டிக்கொண்டே வரும் மிகச் சிறிய மங்கல் படம். பெரிய படம் வரும்வரை இடம்பிடித்து வைப்பதே அதன் வேலை. இரண்டாவது, சாட் ஜன்னலின் சட்டத்துக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கிய நடுத்தரச் சிறுபடம், அதாவது தம்ப்நெயில். மூன்றாவதுதான் உண்மையில் உங்களுக்கு அனுப்பப்பட்ட படம். எல்லாச் செயலியிலும் இந்த மூன்றும் இருக்கும் என்றில்லை. ஆனாலும் குழப்பம் எழும் இடம் இதுதான். கையில் இருப்பது எது என்று தெரியாமல் அடுத்தவரிடம் "மறுபடி அனுப்புங்கள்" என்று கேட்டால், அவர் அதே வழியில் அதையேதான் அனுப்புவார்.

பெரும்பாலும் ஒரு அளவுகோல் போதும்: பிக்செல் கணக்கு. படம் எத்தனை பிக்செல் அகலம், எத்தனை பிக்செல் உயரம் என்று பாருங்கள். கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறதா என்பதையும், கோப்பு எத்தனை கேபி என்பதையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு போனில் கேலரியில் படத்தைத் திறந்து மேல்நோக்கித் தள்ளினாலோ, விவரம் என்ற பொத்தானைத் தொட்டாலோ இந்த அளவு தெரியும். ஐபோனின் படச் செயலியில் கீழே உள்ள ஐ எழுத்துக் குறியைத் தொட வேண்டும். கணினியில் கோப்பின் பண்புகளில் இருக்கும்.

அறிகுறி 1: படம் புகைமூட்டமாக இருக்கிறது, நடுவில் அம்புக்குறியோ சுற்றும் வட்டமோ தெரிகிறது

இது இடம்பிடிக்கும் படம். முழுப்படம் இன்னும் உங்கள் போனுக்கு வரவில்லை.

வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் படச் செய்தி என்பது உண்மையில் ஒரு சிறு பொட்டலம். பெரிய படம் சர்வரில் எங்கே இருக்கிறது என்ற முகவரி, அதைத் திறக்கும் சாவி, அதன் நீள அகலம், கோப்பின் அளவு ஆகியவற்றோடு ஒரு குட்டி ஜேபெக் படமும் அந்தப் பொட்டலத்துக்குள்ளேயே இருக்கும். செய்தி வந்து சேர்ந்த கணமே திரையில் தெரிவது அந்தக் குட்டிப் படம்தான். அதைச் சட்டத்தின் அளவுக்கு இழுத்து, பிசிறு தெரியாமலிருக்க மங்கலாக்கிக் காட்டுகிறார்கள். வேறு சில செயலிகளில் குட்டிப் படம்கூட இருக்காது. பிளர்ஹாஷ் என்ற முறையில், இருபது முப்பது எழுத்துகள் கொண்ட ஒரு சரத்திலிருந்து வண்ணத் திட்டுகளை வரைந்து காட்டுவார்கள். அதிலிருந்து எந்த மென்பொருளாலும் படத்தை மீட்க முடியாது. அதில் படமே இல்லை.

அம்பைத் தொடுங்கள். படம் வந்துவிட்டால் அத்தோடு முடிந்தது. இது அடிக்கடி நடந்தால், செயலியின் அமைப்புகளில் தானாக டவுன்லோட் ஆகும் வசதி மொபைல் டேட்டாவில் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தொட்டும் வரவில்லை, "அனுப்பியவரிடம் மறுபடி கேளுங்கள்" என்ற பொருளில் ஏதோ வருகிறது என்றால் சர்வரில் அந்தக் கோப்பு இப்போது இல்லை. சர்வர் அதை என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. போனை மாற்றியவர்களுக்கு இது இன்னொரு விதமாகவும் நேரும். பேக்கப்பில் செய்திகள் மட்டும் திரும்பி வந்து, படங்கள் இருந்த கோப்புறை வராமல் போயிருந்தால், பழைய சாட் முழுக்க மங்கல் படங்களாக நிற்கும். குட்டிப் படம் செய்தியின் பகுதி என்பதால் அது தப்பிவிடுகிறது, முழுப்படம் தனிக்கோப்பு என்பதால் தொலைந்துவிடுகிறது. பழைய போன் இன்னும் கையில் இருந்தால் அதை அழிப்பதற்கு முன் இந்த இடத்தைப் பாருங்கள்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images
```

நீங்களே அனுப்பிய படங்கள் அதற்குள்ளேயே `Sent` என்ற கோப்புறையில் இருக்கும். பழைய போனை விற்றுவிட்டுப் பிறகு தேடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. இரண்டு நிமிட வேலையில் காப்பாற்றியிருக்கலாம்.

அறிகுறி 2: சாட்டில் தெளிவாகத் தெரிகிறது, சேமித்துத் திறந்தால் உடைகிறது

அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

போன் திரையில் சாட் சட்டத்தின் அகலம் சுமார் 700, 800 பிக்செல்தான். கணினியின் பிரவுசரில் அது 300, 400 கூட இருக்கலாம். அந்தச் சட்டத்துக்குள் 800 பிக்செல் படத்தை வைத்தாலும் 4000 பிக்செல் படத்தை வைத்தாலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். எனவே பெரிய கோப்பை இறக்காமல் சட்டத்துக்குப் போதுமானதை மட்டும் செயலி இறக்குகிறது. டெலிகிராம் ஒரே படத்தை 100, 320, 800, 1280 என்று பல பெட்டி அளவுகளில் வைத்துக்கொண்டு தேவைக்கேற்ப எடுத்துக் கொடுக்கிறது. நீங்கள் சாட் சட்டத்திலிருந்தே படத்தை இழுத்துப் போட்டாலோ, வலது பொத்தானை அழுத்திச் சேமித்தாலோ, அப்போது அங்கே இருந்த பிரதிதான் கிடைக்கும். பெரிய படம் உங்கள் கணினிக்கு வந்திருக்கவே மாட்டாது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு தொகுப்புக்காக ஒரு பழைய கடிதத்தின் படம் வந்தது. கையெழுத்துக் கடிதம், ஏ4 அளவுத் தாள். அனுப்பியவர் போன் கேமராவில் தாள் முழுவதும் அடங்குமாறு எடுத்திருந்தார். பிரவுசரில் சாட்டைத் திறந்து, சட்டத்திலிருந்தே வலது பொத்தானை அழுத்திச் சேமித்தேன். கோப்பைப் பார்த்தால் 240 × 320 பிக்செல், 14 கேபி.

அதை மறந்துவிட்டு சாட்டில் அந்தப் படத்தைத் தொட்டுப் பெரிதாகத் திறந்தேன். ஒரு நொடி மங்கலாக இருந்து பிறகு சட்டென்று கூர்மையானது. அந்தச் சட்டென்ற மாற்றம்தான் சிறுபடம் போய்ப் பெரிய படம் வந்த தருணம், அதற்குக் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு மேலே இருந்த டவுன்லோட் பொத்தானை அழுத்தினேன். இம்முறை 1200 × 1600, 310 கேபி. எனக்கு அனுப்பப்பட்ட படம் இதுதான். ஆனால் அவர் எடுத்த படம் இது அல்ல. சாட் செயலி அனுப்பும்போதே சுருக்கிவிட்டது. அவருடைய கேலரியில் விவரத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். 3000 × 4000 என்றார். "படமாக வேண்டாம், கோப்பாக, டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்புங்கள்" என்று கேட்டேன். 3000 × 4000, 3.6 எம்பி வந்தது.

மூன்றிலும் நீள அகல விகிதம் 3:4 தான். விகிதம் ஒத்துப்போனால் அவை ஒரே படத்தின் வெவ்வேறு அளவுப் பிரதிகள் என்று எடுத்துக்கொள்ளலாம். சேமித்தது சதுரமாக இருந்து மூலம் நீளமாக இருந்தால், ஓரம் வெட்டிய சிறுபடம் ஒன்றை எடுத்துவிட்டீர்கள்.

இந்த மூன்றுக்கும் நடுவே உள்ள தூரத்தை எழுத்தில் பாருங்கள். தாளின் உயரம் சுமார் 30 செ.மீ. 4000 பிக்செல் படத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 13 பிக்செலுக்கு மேல் கிடைக்கிறது. இரண்டரை மி.மீ. உயரமுள்ள ஒரு எழுத்து 34 பிக்செல், அதன் தலையில் வைத்த அரை மி.மீ. புள்ளி 7 பிக்செல். 1600 படத்தில் அதே எழுத்து 13 பிக்செல், புள்ளி 3 பிக்செலுக்கும் குறைவு. 320 படத்தில் எழுத்தே 3 பிக்செலுக்குக் கீழே போய்விட்டது, புள்ளி அரைப் பிக்செல். அரைப் பிக்செல் என்றால் அது தாளின் நிறத்தோடு கலந்துவிட்டது என்று பொருள்.

14 கேபி படத்தில் வரிகள் இருப்பது தெரிந்ததே தவிர வாசிக்க முடியவில்லை. அதில் ஆபத்து இல்லை, ஏனென்றால் ஏதோ குறைகிறது என்று யாருக்கும் தெரிந்துவிடும். ஆபத்து 1200 × 1600 படத்தில் இருந்தது. அதை நன்றாகவே வாசிக்க முடிந்தது. ஒரு வரி இப்படி இருந்தது: "நாளை வருவேன் என தம்பி எழுதியிருந்தான்". அப்படியென்றால் வருவது தம்பி. முழுப்படம் வந்தபின் பார்த்தால் "என்" என்பதன் புள்ளி தெளிவாக இருந்தது. "நாளை வருவேன். என் தம்பி எழுதியிருந்தான்". வருவது கடிதம் எழுதியவர்! நிறுத்தக்குறி போடும் பழக்கம் அவருக்கு இல்லை. "எனத் தம்பி" என்று ஒற்று மிகுத்து எழுதுகிறவராக இருந்திருந்தால் அதை வைத்தாவது சந்தேகப்பட்டிருக்கலாம், அதுவும் அவரிடம் இல்லை. மூன்று பிக்செல்கூட இல்லாத அந்தப் புள்ளியை ஜேபெக் சுருக்கம் கரைத்திருந்தது. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்செல் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குள் இருக்கும் நுண்ணிய மாற்றங்களைத்தான் முதலில் கைவிடும். வெளிறிய மையில் வைத்த புள்ளி அந்த வகையில்தான் சேரும்.

அதனால் கையெழுத்து, சான்றிதழ், ரசீது, வரைபடம் போன்றவற்றுக்கு டவுன்லோட் செய்ததோடு நிற்காதீர்கள். அனுப்புகிறவரின் கேலரியில் இருக்கும் பிக்செல் கணக்கைக் கேட்டு வாங்கி, உங்களிடம் இருப்பதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் முழுப்படம். முகம், காட்சி போன்ற படங்களுக்கு இவ்வளவு தேவையில்லை. அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 பிக்செல் என்று கணக்கிட்டால் 1600 பிக்செல் பக்கம் பதிமூன்றரை செ.மீ. வரை தாங்கும், 800 பிக்செல் ஏழு செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாகத் தாங்கும்.

பிரவுசரில் சேமிக்காமலே பார்ப்பது

சாட் பிரவுசரில் திறந்திருந்தால், படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி `Inspect` என்பதைத் தேர்ந்தெடுங்கள். குரோமில் அந்தப் படத்துக்குரிய `src` மேல் மௌஸை வைத்தால் இரண்டு அளவுகள் தெரியும். `Rendered size` என்பது திரையில் வரைந்திருக்கும் அளவு. `Intrinsic size` என்பது கோப்பின் உண்மையான அளவு. நமக்கு வேண்டியது இரண்டாவது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், அல்லது உண்மையான அளவு சிறியதாக இருந்தால், நீங்கள் பார்ப்பது சட்டத்துக்கென்று செய்த சிறுபடம்தான். அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்த நிலையிலேயே கன்சோலில் இதைத் தட்டினாலும் அதே விடை கிடைக்கும்:

```
[$0.naturalWidth, $0.naturalHeight]
```

`src` என்பதன் தொடக்கமும் துப்புக் கொடுக்கும். `data:image/jpeg;base64,` என்று தொடங்கினால் படம் பக்கத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது, அது பெரும்பாலும் இடம்பிடிக்கும் படமாகவே இருக்கும். `blob:` என்று தொடங்கினால் செயலி எங்கிருந்தோ இறக்கிப் பிரவுசரின் நினைவகத்தில் வைத்த படம். அது சிறுபடமாகவும் இருக்கலாம், முழுப்படமாகவும் இருக்கலாம், எனவே அளவைப் பார்த்தே தீர வேண்டும். முகவரியில் `width=`, `thumb`, `preview` போன்ற சொற்கள் இருந்தால் சர்வர் சுருக்கிக் கொடுத்த பிரதி. சில செயலிகள் படத்தை `img` ஆக வைக்காமல் பின்னணியாக வரைகின்றன. அப்போது இந்த வழி பலிக்காது, பெரிதாகத் திறந்து டவுன்லோட் செய்துதான் பார்க்க வேண்டும்.

இதையும் சொல்லியாக வேண்டும்: வேறு யாரோ அனுப்பிய நீளமான நிரலைச் சாட் பக்கத்தின் கன்சோலில் ஒட்டாதீர்கள். அந்தப் பக்கத்தில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது. மேலே உள்ள வரி இரண்டு எண்களை மட்டும் படிக்கிறது.

அறிகுறி 3: மேல்பாதி நன்றாக இருக்கிறது, கீழே சாம்பல் பட்டை

இது சிறுபடம் இல்லை. முழுப்படம் பாதி வழியில் நின்றுவிட்டது. பிக்செல் கணக்கு இங்கே உங்களை ஏமாற்றும், ஏனென்றால் நீள அகலம் கோப்பின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். பாதிக் கோப்பும் தன்னை 3000 × 4000 என்றே சொல்லிக்கொள்ளும். முழுமையான ஜேபெக் `ffd9` என்ற இரண்டு பைட்டுகளில் முடியும். லினக்ஸிலோ மேக்கிலோ இப்படிப் பார்க்கலாம்:

```
tail -c 2 kaditham.jpg | xxd
```

வேறு ஏதாவது வந்தால் பெரும்பாலும் கோப்பு அறுந்திருக்கிறது. படத்தோடு சில நொடி அசைவையும் சேர்த்துப் பதியும் போன்கள் கடைசியில் காணொளியை ஒட்டுவதால் அவற்றின் கோப்புகள் இதற்கு விலக்கு. சாம்பல் பட்டை இருந்தால் அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

அறிகுறி 4: பிக்செல் கணக்குச் சரி, ஆனாலும் மங்கல்

இது கொஞ்சம் தந்திரமானது. யாரோ ஒருவர் நடுவில் சிறுபடத்தைச் சேமித்து, அதையே பெரிதாக்கியோ, திரையில் பெரிதாகத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தோ அனுப்பியிருப்பார். ஸ்கிரீன்ஷாட் என்றால் அதன் அளவு ஒரு போன் திரையின் அளவாக இருக்கும், உதாரணமாக 1080 × 2400. கேமராப் படம் அப்படி இருப்பது அரிது.

கேபி கணக்கை இங்கேதான் பயன்படுத்துவேன். கையெழுத்து நிறைந்த 1200 × 1600 படம் 40, 50 கேபிக்குள் அடங்கியிருந்தால் அதில் நுணுக்கம் இல்லை. ஆனால் கேபியை மட்டும் நம்பவும் முடியாது. பிரவுசரில் படத்தை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் அது பிஎன்ஜி வடிவத்தில் போய்ச் சேரும். 14 கேபி சிறுபடம் அப்படியே 150 கேபி ஆகிவிடும், புதிதாக ஒரு பிக்செல்கூடச் சேராமல்.

சந்தேகம் இருந்தால் நான் செய்வது இது. படத்தின் நகல் ஒன்றை 320 பிக்செலுக்குச் சுருக்கி, மறுபடி பழைய அளவுக்கே பெரிதாக்குவேன். இமேஜ்மேஜிக் இருந்தால் ஒரே வரி:

```
magick vanthathu.jpg -resize 320x320 -resize 1600x1600 sothanai.jpg
```

வந்த படத்தையும் சோதனைப் படத்தையும் நூறு சதவீத அளவில் அருகருகே வையுங்கள். உண்மையான 1600 பிக்செல் படமாக இருந்தால் சோதனைப் படம் பளிச்சென்று மோசமாகத் தெரியும், சுருக்கியபோது இழந்தது கண்ணுக்குப் புலப்படும். இரண்டுக்கும் வேறுபாடே தெரியவில்லை என்றால், வந்த படத்தில் 320 பிக்செலுக்கு மேற்பட்ட சரக்கு எதுவும் முதலிலிருந்தே இல்லை. கேமரா குலுங்கியோ குவியம் தவறியோ எடுத்த படமும் இதே விடையைத் தரும். எனவே இது "சிறுபடம்தான்" என்று நிரூபிக்காது. "இதைவிட நல்ல பிரதி வேண்டும்" என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லும்.

இப்படி வந்த படத்துக்கு ஷார்ப்பன் போடுவதில் பயனில்லை. யார் வழியாக வந்ததோ அவரிடமிருந்து பின்னோக்கிப் போய், கேமராவில் எடுத்தவரை அடைய வேண்டும்.

அறிகுறி 5: "எனக்கு நன்றாகத் தெரிகிறதே" என்கிறார் அனுப்பியவர்

அவர் சாட்டில் பார்ப்பது அவருடைய போனிலேயே இருக்கும் பிரதி. சர்வருக்குப் போய் வந்த படம் அல்ல. பதிவேற்றம் இன்னும் முடியாதபோதும் அவர் திரையில் படம் தெளிவாகவே நிற்கும். எனவே "தெரிகிறதா" என்று கேட்டுப் பயனில்லை. அவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். படத்தின் மேல் சுற்றும் வட்டமோ, அனுப்பப்படவில்லை என்ற குறியோ இருக்கிறதா? கேலரியில் அந்தப் படத்தின் விவரத்தில் என்ன இரண்டு எண்கள் இருக்கின்றன? இரண்டாவது கேள்விக்கு 1200 × 1600 என்று விடை வந்தால் அவரிடமும் மூலம் இல்லை, அவருக்கும் யாரோ சாட்டில் அனுப்பியதுதான். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தின் கோப்புப் பெயரில் தேதிக்குப் பின் `WA` என்ற எழுத்துகள் இருக்கும், `IMG-20240105-WA0003.jpg` என்பதுபோல. கேமரா தானாக அப்படிப் பெயர் வைக்காது.

கடிதத்தின் மற்ற பக்கங்களைக் கேட்டபோது அந்தப் பெயரைத்தான் முதலில் பார்த்தேன். ஏழு பக்கங்களில் இரண்டில் `WA` இருந்தது. அந்த இரண்டு தாள்களையும் அவருடைய அக்கா எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தார். அக்காவின் போனில் மூலம் அப்படியே இருந்தது, இரண்டும் 3000 × 4000.